பத்தாம் நாள் காய்ச்சல்

அன்புள்ள நண்பா,

அக்காவுக்கு முதல் கீமோ முடிந்துவிட்டது, வாந்திகூட இல்லை என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

போன வருடம் என் மனைவிக்கு இரண்டாவது கீமோ ஏறிய பத்தாம் நாள். ராத்திரி பத்து மணிக்கு லேசாகக் குளிர்கிறது என்றாள். தெர்மாமீட்டரில் 101.2. சளி, இருமல் எதுவும் இல்லை. பக்கத்து கிளினிக்குக்குப் போன் செய்தேன். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் வரச் சொன்னார்கள். நல்லவேளை, கீமோ வார்டு நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு பிரிட்ஜ் கதவில் இருந்தது: 100.4 தாண்டினால் எந்த நேரமானாலும் கிளம்பி வரவும். ஆட்டோ பிடித்துப் போனோம்.

போனதும் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்காக இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றினார்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போய்விட வேண்டுமாம். அப்புறம்தான் ரத்த அணு கணக்கு வந்தது. மொத்த வெள்ளை அணு 900, அதில் கிருமியை எதிர்த்து நிற்கும் நியூட்ரோபில் 20 சதவீதம். அதாவது 180. ஐந்நூறுக்குக் கீழே போனாலே ஆபத்து.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. "அப்போ பயமில்லையா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. சீழ் என்பதே பெரும்பாலும் நியூட்ரோபில்தான். அது இல்லாத உடம்பில் புண் சீழ் பிடிக்காது, நிமோனியாகூட எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். கீமோ குடலின் உள்தோலையும் அரித்துவிடுவதால், அங்கேயே இருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. தடுக்க ஆள் இல்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவளுடைய பிரஷர் 84க்கு இறங்கியது. சலைன் வேகமாக ஏற்றித்தான் மேலே கொண்டுவந்தார்கள். காலைவரை வீட்டில் இருந்திருந்தால்? அதை நினைக்கவே மாட்டேன்.

கல்ச்சரில் ஈ-கோலை என்ற குடல் கிருமி வளர்ந்தது. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த மருந்துக்கே அது கட்டுப்பட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஆறாம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. நாலைந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றைத் தேடி அதற்கும் மருந்து தொடங்குவார்களாம். அடுத்த கீமோவிலிருந்து, மறுநாளே அணுக்களைக் கூட்டும் ஊசி போட்டார்கள். அப்புறம் இப்படி வரவில்லை.

அக்காவுக்குக் கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை அணுக்கள் குறையும் நாட்கள், காலண்டரில் குறித்து வை. தலைவலி என்று பாராசிட்டமால் கேட்டால்கூட முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் மாத்திரை. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். ராத்திரியில் எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று நாளைக்கே கேட்டு வைத்துவிடு. என் போன் எந்நேரமும் ஆனில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்