புகார்: உங்கள் டாஷ்போர்டில் என் அத்தை 24 பேராக இருக்கிறார்

மும்பை, மாதுங்கா கிழக்கு
14 ஜூலை 2025

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: என்கேஜ்மென்ட் ரேட் தவறாகக் கணக்கிடப்படுவது, அதனால் நான் எடுத்த தவறான முடிவு, பழைய அறிக்கைகளைத் திருத்தித் தருவது குறித்து.

ஐயா / அம்மா,

மாதுங்காவில் நாங்கள் காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை வைத்திருக்கிறோம். அப்பா காலத்துக் கடை. இன்ஸ்டாகிராம் பக்கம் மட்டும் என் காலத்தில் வந்தது. அதைக் கவனிக்கத்தான் உங்கள் மென்பொருளுக்கு மாதம் 1,499 ரூபாய் கட்டுகிறேன். மாத முடிவில் தானாக ஒரு அறிக்கை வரும், அதைப் பார்த்தே அடுத்த மாதம் என்ன போடுவது என்று முடிவு செய்வேன்.

மே மாதம் வரை வாரம் இரண்டு பதிவு போட்டுக்கொண்டிருந்தோம். ஜூன் 2 முதல், ஞாயிறு தவிர தினமும் காலையில் வறுவல் முடிந்து கொட்டையைத் தட்டில் கொட்டி ஆற வைக்கும் காட்சியைப் பதினைந்து நொடிக்குள் எடுத்துப் போட ஆரம்பித்தோம். எடுத்தது எங்கள் கடைப் பையன்தான். புகைக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே எடுப்பான்.

ஜூன் 30 அன்று உங்கள் அறிக்கை வந்தது. மே 5 முதல் ஜூன் 1 வரை 4.8 சதவீதமாக இருந்த என்கேஜ்மென்ட் ரேட், ஜூன் 2 முதல் 29 வரையிலான 28 நாளில் 3 சதவீதம் ஆகிவிட்டதாகச் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தீர்கள். பார்த்தவர் எண்ணிக்கையில் லைக், கமென்ட், சேவ், ஷேர் எல்லாம் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த ரேட். நான் உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க ரீச் ரொம்ப ஏறியிருக்கு சார், புது ஆட்கள் நிறைய வரும்போது ரேட் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்றார். சரி, புது ஆட்களுக்கு நம் வீடியோ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஜூலை 1 முதல் காலை வீடியோவை நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து செம்பூரிலிருந்து அத்தை போன் செய்தார். "ஏண்டா, காலையில காபி குடிக்கிறப்ப உன் வீடியோவைப் பார்த்துட்டுத்தான் குடிப்பேன், கடையை மூடிட்டியா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள் கடைக்கு வந்த இரண்டு பேரும் இதையே கேட்டார்கள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களை உங்கள் டாஷ்போர்டு எப்படி எண்ணுகிறது?

போனில் இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸைத் திறந்து அதே ஜூன் 2 முதல் 29 வரையிலான தேதிகளைக் கொடுத்தேன். எத்தனை பேரை எட்டியிருக்கிறது என்ற இடத்தில் 9,600 என்றிருந்தது. உங்கள் டாஷ்போர்டில் அதே தேதிக்கு ரீச் 38,400. இடைவெளி நான்கு மடங்கு. லைக், கமென்ட், சேவ், ஷேர் எல்லாம் சேர்ந்த எண் மட்டும் இரண்டு இடத்திலும் 1,152தான், அதில் தகராறு இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு காகிதமும் பேனாவும் போதுமாக இருந்தன. உங்கள் டாஷ்போர்டில் ஜூன் 2 ஒரு நாளை மட்டும் தேர்ந்தெடுத்தேன்: 1,280. அப்புறம் 3ஆம் தேதி மட்டும்: 1,350. இப்படியே 8ஆம் தேதி வரை ஏழு நாளையும் தனித்தனியே எழுதிக் கூட்டினேன், 9,650 வந்தது. பிறகு 2 முதல் 8 வரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். அச்சு அசலாக அதே 9,650. ஒரு ஆள் கூடக் குறையவில்லை.

இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. ரீச் என்பது எத்தனை வெவ்வேறு கணக்குகள் பார்த்தன என்பது. ஒருவர் பத்து முறை பார்த்தாலும் ரீச்சில் அவர் ஒருவர், இம்ப்ரெஷன்ஸில்தான் பத்து. திங்களன்று பார்த்தவர் செவ்வாயும் பார்த்தால், இரண்டு நாளின் ரீச்சைக் கூட்டும்போது அவர் இருவராகிவிடுவார். அதனால் ஏழு நாள் ரீச், தனித்தனி நாட்களின் கூட்டுத்தொகையைவிடக் கட்டாயம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக வர வேண்டுமென்றால் அந்த வாரத்தில் ஒருவர்கூட இரண்டாம் நாள் திரும்பி வந்திருக்கக் கூடாது. எங்கள் அத்தை ஒருவரே அதைப் பொய்யாக்கிவிடுவார். போனில் அதே வாரத்துக்கு ரீச் 3,900.

ஆக நீங்கள் செய்திருப்பது இதுதான்:

```
SUM(engagements) / SUM(daily_reach)
```

செய்திருக்க வேண்டியது இது:

```
SUM(engagements) / reach_of_whole_period
```

உங்கள் 38,400 ரீச்சும் இல்லை, இம்ப்ரெஷன்ஸும் இல்லை. ஒருவர் ஒரே நாளில் மூன்று முறை பார்த்தால் ஒன்றாகவும், மூன்று நாளில் பார்த்தால் மூன்றாகவும் எண்ணும் ஒரு கலப்படம். காபித்தூளில் சிக்கரி கலப்பதை நாங்கள் மறைப்பதில்லை, பாக்கெட்டிலேயே 80:20 என்று எழுதித்தான் விற்கிறோம். நீங்கள் இதற்கு மேல் "ரீச்" என்று மட்டும் லேபிள் ஒட்டியிருக்கிறீர்கள்.

இப்போது சரியான எண்ணை வைத்துப் பார்ப்போம். மே 5 முதல் ஜூன் 1 வரை உண்மையான ரீச் 9,000, உங்கள் கூட்டுத்தொகை 15,000, என்கேஜ்மென்ட் 720. உங்கள் கணக்கில் 4.8 சதவீதம், உண்மையில் 8 சதவீதம். அடுத்த 28 நாளில் உங்கள் கணக்கில் 3 சதவீதம், உண்மையில் 1,152ஐ 9,600ஆல் வகுத்தால் 12 சதவீதம். நீங்கள் இறக்கம் என்று சிவப்பில் போட்ட மாதத்தில் அது ஒன்றரை மடங்காக ஏறியிருக்கிறது. உதவி எண்ணில் சொன்ன "புது ஆட்கள் நிறைய" என்பதும் இல்லை. 9,000 பேர் 9,600 ஆனார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கூட்டுத்தொகையை உண்மையான ரீச்சால் வகுத்தும் பார்த்தேன். மே கணக்கில் ஒருவர் சராசரியாக 1.7 நாள் எங்கள் பதிவைப் பார்த்திருக்கிறார், ஜூனில் 4 நாள். கடைக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கிறது? அந்த நல்ல செய்தியைத்தான் நீங்கள் வகுக்கும் எண்ணாக வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் எத்தனைக்கெத்தனை திரும்பி வருகிறாரோ அத்தனைக்கத்தனை எங்கள் மதிப்பெண் குறையும்.

நியாயமாகவே பேசுகிறேன். 12 சதவீதம் என்பதால் ஒவ்வொரு வீடியோவும் முன்பைவிட நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மே கணக்கில் 8 பதிவு, பதிவுக்கு 90 என்கேஜ்மென்ட். ஜூனில் 24 பதிவு, பதிவுக்கு 48. தனிப்பதிவு சராசரியாக ஏறக்குறைய பாதியாக இளைத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் எங்களைப் பார்த்த ஆள் எங்களோடு எவ்வளவு ஒட்டினார் என்பது வேறு கேள்வி, ஒரு பதிவு எவ்வளவு இழுத்தது என்பது வேறு கேள்வி. காட்டப்படும் எண் எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரிந்திருந்தால், தினமும் என்பதை வாரம் நான்கு என்று குறைத்திருப்பேன். மொத்தமாக நிறுத்தியிருக்க மாட்டேன்.

இதோடு முடியவில்லை. அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "சராசரி என்கேஜ்மென்ட் ரேட்" என்று இன்னொரு எண் இருக்கிறது, அது முதல் பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக சதவீதம் எடுத்து, அந்தச் சதவீதங்களுக்குச் சராசரி போட்டிருக்கிறீர்கள். மழையால் மதியம் கடை இல்லை என்று ஒரு நாள் அறிவிப்புப் போட்டோம். 120 பேர் பார்த்தார்கள், 30 பேர் ஏதோ செய்தார்கள், 25 சதவீதம். அதே வாரம் ஒரு ரீல் 6,400 பேரை எட்டியது, 192 என்கேஜ்மென்ட், 3 சதவீதம். உங்கள் முறையில் இந்த இரண்டுக்கும் சராசரி 14 சதவீதம். என்கேஜ்மென்டையும் ரீச்சையும் தனித்தனியே கூட்டி வகுத்தால், 6,520க்கு 222, அதாவது 3.4 சதவீதம். கடை மூடும் அறிவிப்புதான் எங்கள் வெற்றிப் பதிவு என்று நம்ப வைக்கிற சராசரி இது. பதிவுகளின் ரீச்சைக் கூட்டும்போதும் ஒரே ஆள் இரண்டு முறை வரத்தான் செய்வார். பதிவு வாரியான ரேட் என்று பெயர் சொல்லிக் காட்டினால் அதில் தவறில்லை. மாத ரீச் என்று சொன்னால்தான் தவறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் இன்ஸ்டாகிராம், வெளி மென்பொருள்களுக்குத் தரவு கொடுக்கும் தன் ஏபிஐயில் இம்ப்ரெஷன்ஸை விலக்கி வியூஸைக் கொண்டுவந்தது, அது உங்கள் குற்றமில்லை. ஆனால் உங்கள் ஆண்டு வரைபடத்தில் பழைய இம்ப்ரெஷன்ஸையும் புதிய வியூஸையும் ஒரே கோடாக இணைத்திருக்கிறீர்கள். அளவுகோல் மாறிய இடத்தில் ஒரு புள்ளிக்கோடாவது போட்டிருக்கலாம்.

நான்கு நாள் முன்பு இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினேன். தினசரித் தரவைச் சேமித்து வைத்துத்தான் எல்லாக் காலத்துக்கும் கூட்டிக் காட்டுகிறோம், அதுதான் வேகம் என்று பதில் வந்தது. லைக்குக்கு அது சரி, கமென்ட்டுக்கும் சரி. ரீச்சை மட்டும் சேமித்த தினசரி எண்களிலிருந்து எந்தக் காலத்துக்கும் திரும்பக் கட்ட முடியாது, யார் யார் என்ற விவரம் அதில் இல்லை. தேர்ந்தெடுத்த காலத்துக்கான ரீச்சை மொத்தமாக, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்க முடியாத தேதிகளுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தவறான எண்ணைவிடக் காலிக் கட்டம் எனக்கு உபயோகமானது.

நான் கேட்பது: காலம் முழுமைக்கான ரீச்சை வைத்து ரேட்டைக் கணக்கிடுங்கள், எதை எதால் வகுத்தீர்கள் என்பதை அந்த எண்ணுக்குக் கீழேயே எழுதுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை எனக்கு அனுப்பிய ஆறு அறிக்கைகளையும் திருத்தி அனுப்புங்கள். ஜூன் மாதக் கட்டணம் 1,499 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இதே அறிக்கையை வாங்கும் மற்ற கடைக்காரர்களுக்கும் தகவல் சொல்லுங்கள், சிவப்பு அம்பைப் பார்த்து அவர்களும் எதையாவது நிறுத்தியிருப்பார்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இரண்டு திரைகளின் படங்களையும் ஏழு நாள் கணக்கு எழுதிய தாளின் நகலையும் இணைத்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் இருக்கும் பழுப்புக் கறை டிகாக்‌ஷன்.

காலை வீடியோவை இன்று மறுபடி ஆரம்பித்துவிட்டோம்.

இப்படிக்கு,
மாதுங்கா காபித்தூள் கடைக்காரர்