மெல்பனில் தலைகீழாகச் சுழலும் சக்கரம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்தே சமாளித்துவிடலாம் என்று இன்னும் பிடிவாதம் பிடிக்காதே, டாக்டரிடம் போ. பேத்தியின் மொட்டைத்தலைப் படம் பார்த்தோம். அப்படியே உன் அம்மா முகம்!

“உங்கள் தெருவில் சூனியக்காரி இருக்கிறாளாமே” என்று கேட்டிருந்தாய். என் மகன் கதை அளந்திருக்கிறான். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். விக்கா என்ற நெறியைப் பின்பற்றுகிறார். இயற்கையையும் பருவங்களையும் வணங்குகிறோம் என்பார்கள், அவ்வளவுதான்.

வருடத்தை எட்டு ஆரமுள்ள சக்கரமாக வைத்திருக்கிறார்கள். நீண்ட பகல், நீண்ட இரவு, இரண்டும் சமமாகும் இரு நாட்கள் ஆகியவை நான்கு. அவற்றுக்கு நடுநடுவே சோவின், இம்போல்க், பெல்டேன், லூனாசா என்று இன்னும் நான்கு. இந்தப் பின் நான்கும் அயர்லாந்தின் பழைய பண்டிகைகள். எட்டையும் ஒன்றாகக் கோத்தது மட்டும் 1950களில்தான், இங்கிலாந்தில் விக்காவைப் பரப்பிய ஜெரால்டு கார்டனரையும் அவர் நண்பர் ராஸ் நிக்கல்ஸையும் சுற்றி இருந்தவர்கள். முதல் நான்கில் சிலவற்றுக்கு லிதா, மேபன் போன்ற பெயர்களை அமெரிக்கரான ஐடன் கெல்லி 1970களில் வைத்தார். ஆதிகாலத்து வழிபாடு அப்படியே வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த அம்மாவுக்கே அது தெரியும். “என் பாட்டியைவிட வயது குறைவு, அதனால் என்ன?” என்று சிரிக்கிறார்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு விஷயம். இறந்தவர்களை நினைக்கும் சோவின், இங்கிலாந்தில் அக்டோபர் 31. இலை உதிர்ந்து குளிர் ஏறும் காலம். மெல்பனில் அன்று ரோஜா பூத்துக் குலுங்கும். புத்தகத்தின் தேதியைப் பார்ப்பதா, வாசலில் உள்ள மரத்தைப் பார்ப்பதா? இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் மரத்தின் பக்கம் போய்விட்டார்கள். சக்கரத்தை ஆறு மாதம் தள்ளி, சோவினை ஏப்ரல் 30 வாக்கில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடைகளில் ஹாலோவீன் பூசணிக்காய் வந்து குவிவது என்னவோ அக்டோபரில்தான். அப்போது இவர்களுக்கு வசந்தப் பண்டிகையான பெல்டேன்.

இந்த வருடச் சோவினுக்கு என்னையும் அழைத்தார், போனேன். கொல்லைப்புறத்தில் ஏழெட்டுப் பேர். முதலில் துடைப்பத்தால் இடத்தைப் பெருக்கினார். கிண்ணத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சுற்றிலும் தெளித்தார், பிறகு சாம்பிராணிப் புகை காட்டினார். அடுத்து கறுப்புப் பிடிக் கத்தியை நீட்டியபடி ஒன்பது அடி அகலத்தில் ஒரு வட்டம் நடந்தார். அந்தக் கத்தியால் காய்கூட நறுக்க மாட்டாராம். கோடு எதுவும் விழாது. வட்டம் மனதில்தான் இருக்கிறது. உள்ளே கவனம் சிதறாமல் நிற்க அது வேலி என்கிறார். நடுவில் ஒருவர் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கத்தியால் காற்றில் ஒரு வாசல் ‘வெட்டி’ அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் மூடினார்.

அவர் நடந்தது இடப்பக்கமாகச் சுற்றி. சூரியன் போகும் திசையில் சுற்ற வேண்டும் என்பது விதி. வடகோளத்தில் அது வலம். இங்கே சூரியன் கிழக்கில் எழுந்து வடக்கு வழியாக மேற்கே போகிறது, அதனால் இடப்பக்கமாகிவிடுகிறது. பஞ்சபூதங்களில் நான்கைத் திசைக்கொன்றாக அழைப்பார்கள். அதில் நெருப்பை அழைக்கும் திசையும் தெற்கிலிருந்து வடக்குக்கு மாறிவிட்டது, நிலம் தெற்கே போய்விட்டது. காற்றுக்குக் கிழக்கு, நீருக்கு மேற்கு என்பதில் மாற்றமில்லை. இங்கிலாந்துப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு வலம் வருபவர்களும் உண்டு. இரு தரப்பும் சேர்ந்து நடத்தினால் ஆளுக்கொரு பக்கம் திரும்பி முட்டிக்கொள்வார்கள். ஆகவே எந்தப் பக்கம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்கிறார்கள். நம்மவர்கள் இங்குள்ள கோயில்களிலும் வலம்தான் வருகிறோம், இப்படி ஒரு கேள்வியே நமக்கு எழுந்ததில்லை!

நான்கு திசைகளையும் அழைத்தபின் ஒவ்வொருவரும் இறந்துபோன ஒருவர் பெயரைச் சொன்னார்கள். நான் நம் கணக்கு வாத்தியார் பெயரைச் சொன்னேன். ரொட்டியும் ஒயினும் சுற்றி வந்தன. முடிவில் திசைகளுக்கு விடை கொடுத்து, எதிர்ப்பக்கமாக நடந்து வட்டத்தைக் கலைத்தார். எல்லோரும் மண்ணில் உள்ளங்கை வைத்தார்கள். அதைச் செய்யாவிட்டால் தலை கிறுகிறுப்பாகவே இருக்குமாம். தெய்வம் நிஜமாகவே வருகிறதா என்று கேட்டேன். அந்தக் கூட்டத்திலேயே வருகிறது என்பவரும், எல்லாம் குறியீடு என்பவரும் இருந்தார்கள். அதற்காக யாரும் சண்டை போடவில்லை.

ஆறு மாதம் தள்ளினாலும் எல்லாம் பொருந்திவிடவில்லை. நீண்ட பகலுக்குத் தீ வளர்ப்பது வழக்கம். இங்கே டிசம்பரில் காட்டுத்தீ பயத்தால் முழுத் தீத்தடை அறிவித்துவிட்டால் திறந்தவெளியில் எதையும் கொளுத்தக் கூடாது. பாட்டரி விளக்கை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். இம்போல்க் இங்கிலாந்தில் ஆடு குட்டி போட்டுப் பால் சுரக்கும் காலத்துப் பண்டிகை. இங்கே அது ஆகஸ்டில் வருகிறது, அந்தச் சமயம் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூக்கிறது. எனவே பாலுக்குப் பதில் பூவை வைக்கிறார்கள். இந்த நிலத்தின் பூர்வகுடிகள் பருவங்களை வேறு விதமாகப் பிரிக்கிறார்கள், நாலாகப் பிரிப்பதே வெளியிலிருந்து வந்ததுதான் என்று அந்த அம்மாவே சொன்னார். அப்படியானால் எட்டு எதற்கு என்று கேட்டதற்கு, “பழகிவிட்டது” என்றார். நேர்மையான பதில் என்று பட்டது.

ஆகஸ்டில் வருவதாக எழுதியிருந்தாயே, கனமான ஸ்வெட்டர் எடுத்துக்கொள். டிக்கெட் போட்டதும் தேதி சொல்.

அன்புடன்,
சேகர்