ஒருவரின் புகாருக்கு எல்லாருடைய பணமும் முடக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்து டாலரில் சம்பாதிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணக்கு தொடங்குவது, முதல் வேலையைப் பிடிப்பது பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளர் முன்கூட்டியே பணத்தை வேலை பிடித்துத் தரும் இணையதளத்தில் கட்டிவிடுவதால் ஏமாற்ற வழியில்லை என்று சொன்ன இடம்தான் எனக்கு உறுத்தியது. இரும்புக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஃப்ரீலான்ஸர் நான். வேலையை முடித்துக் கொடுத்து, தளம் பணத்தை விடுவித்த பிறகும் என் பணம் முடங்கிக் கிடக்கிறது.

நடந்தது இதுதான். கனடாவில் ஒரு சிறு பட்டறைக்காரர் மாடிப்படி, கைப்பிடி வரைபடங்கள் கேட்டார். மொத்தம் 900 டாலர், வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து 300 வீதம் மூன்று மைல்ஸ்டோன். ஒவ்வொன்றுக்கும் அவர் முதலில் பணம் கட்டுவார், தளம் பிடித்து வைத்திருக்கும், நான் வரைபடத்தைச் சமர்ப்பித்ததும் அவர் பார்த்து விடுவிப்பார். தளத்தின் கமிஷன் பத்து சதவீதம் போக எனக்கு 270 வரும். முதல் இரண்டையும் அவரே பாராட்டி விடுவித்தார். மூன்றாவதைச் சமர்ப்பித்த பிறகு பதிலே இல்லை. வாடிக்கையாளர் 14 நாள் வாய் திறக்காவிட்டால் பணம் தானாக விடுபடும் என்பது அந்தத் தளத்தின் விதி. அப்படியே விடுபட்டது.

அதன் பிறகு அவர் தளத்திடம் புகார் செய்யவில்லை. நேரே தன் கிரெடிட் கார்டு வங்கிக்குப் போய், 'சொன்னபடி வேலை நடக்கவில்லை' என்று மொத்தம் 900 டாலரையும் திருப்பிக் கேட்டுவிட்டார். சார்ஜ்பேக் என்பது இதுதான். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இப்படிக் கேட்கப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. அதாவது தளம் 'விடுவிக்கப்பட்டது' என்று காட்டிய பணம்கூட நான்கு மாதத்துக்கு உறுதியான பணம் இல்லை. கட்டுரை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

என் கணக்கில் அன்று 630 டாலர் இருந்தது. அதில் கனடாக்காரரின் மூன்றாவது மைல்ஸ்டோன் 270 மட்டுமே. மீதி 360 வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் கொடுத்தது. அவர்களுக்கும் எனக்கும் எந்தத் தகராறும் இல்லை. முன்பு கிடைத்த 540 ஏற்கெனவே என் வங்கிக்கு வந்து வீட்டுச் செலவுக்குப் போய்விட்டது. தளம் என்ன செய்தது? 630 முழுவதையும் முடக்கியது. பிறகு எனக்குக் கொடுத்த 810 டாலரை என் பேரில் பற்று எழுதி, நான் 180 டாலர் பாக்கி என்று காட்டியது. இன்னும் தீர்ப்பே ஆகவில்லை, அதற்குள் நான் கடன்காரன். அந்த இருவரில் ஒருவர் அடுத்த வேலைக்குக் கட்டும் பணமும் இந்தப் பள்ளத்தில்தான் விழும். வாடிக்கையாளர் பொய் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

விசாரணை நடக்கும் முறையும் விசித்திரமானது. வங்கியின் கண்ணில் இந்த வழக்கில் இருப்பது இரண்டே பேர்: கார்டு வைத்திருப்பவர், கார்டில் பணம் வாங்கிய வியாபாரி. அந்த வியாபாரி தளம்தான், நான் இல்லை. ஒப்பந்தம், உரையாடல், அவர் முதல் இரண்டு பகுதிகளையும் தன் கையால் விடுவித்த பதிவு, 'இதே மாதிரி அடுத்ததையும் போடுங்கள்' என்று அவர் எழுதிய செய்தி எல்லாவற்றையும் தளம் கேட்டபடி அனுப்பினேன். அவற்றை வங்கிக்கு அனுப்பினார்களா, எதை அனுப்பினார்கள் என்று எனக்குக் காட்ட மறுக்கிறார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான் வருகிறது. இந்த வேலையில் தளத்துக்குக் கிடைத்த கமிஷன் 90 டாலர். தோற்றாலும் நஷ்டத்தை என் தலையில் கட்டலாம் என்றிருக்கும்போது, அந்தத் தொண்ணூறுக்காக வங்கியோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? இது என் கணிப்புதான். ஆனால் விதியை அப்படி எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள்.

சட்டத்தில் எங்கே போய் நிற்பது என்று தேடினேன். வாடிக்கையாளர் இந்தியாவில் இருந்து, நான் உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு வட்டியோடு அரசின் இணையதளத்தில் முறையிடலாம். கனடாக்காரர் அதற்குள் வரமாட்டார். கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர், தள வழித் தொழிலாளர் என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெயராவது கொடுத்திருக்கிறது. ஆனால் அது பேசுவது காப்பீடு, நிறுவனங்கள் நிதிக்குச் செலுத்த வேண்டிய பங்கு ஆகியவற்றைப் பற்றி. செய்த வேலைக்கான கூலியை ஒரு தளம் எத்தனை நாள் பிடித்து வைக்கலாம் என்பதைப் பற்றி அல்ல. நியூயார்க் நகரத்தில் 2017 முதல் ஃப்ரீலான்ஸருக்கு, வேறு தேதி பேசியிருக்காவிட்டால், வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதுவும் வேலை கொடுத்தவரைத்தான் பிடிக்கிறது. நடுவில் நின்று பணத்தை வைத்திருப்பவர் எல்லா இடத்திலும் நழுவிவிடுகிறார்.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. தகராறு எந்தப் பணத்தைப் பற்றியதோ அதை மட்டும் நிறுத்தி வைக்கட்டும். வேறு வாடிக்கையாளர் தந்ததைத் தொடக் கூடாது. வங்கிக்கு என் சார்பில் போன ஆவணங்களின் நகல் என் கைக்கு வர வேண்டும். மத்திய தொழிலாளர் அமைச்சகம் இந்தச் சட்டத் தொகுப்பின் கீழ் இனி விதிகளைத் திருத்தும்போது இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். தமிழக அரசின் கிக் தொழிலாளர் நல வாரியமும் உணவு விநியோகம், வாடகை வண்டி ஓட்டுநர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களையும் எட்டிப் பார்க்கலாம்.

புதிதாக இதில் இறங்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. வரைபடத்தையோ கோப்பையோ மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். தளத்தில் உள்ள சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்தினால்தான் அந்த 14 நாள் கணக்கே தொடங்கும். 'நன்றாக இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் சொன்னால், அதையே தளத்தின் உரையாடலிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் தளம் ஆதாரமாகக் கேட்டது அங்கே பதிவானவற்றை மட்டும்தான். வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டது' என்ற அடையாளம், அவரிடம் ஒரு கார்டு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. இவையெல்லாம் இருந்தும் என் பணம் மாட்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் இவை இல்லாமல் இருந்திருந்தால் பதில் எழுதக்கூட என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

விசாரணை நடந்துகொண்டிருப்பதாலும், கணக்கையே மூடிவிடுவார்களோ என்ற பயம் இருப்பதாலும், தளத்தின் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு.