சுருக்கித் தரும் இணையதளம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதார், பான், வங்கி விவரங்களை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்காதீர்கள் என்ற எச்சரிக்கை பத்திரிகைகளில் வாரம் தவறாமல் வருகிறது. உண்மையில் யாரும் அப்படித் தெரிந்தே தூக்கிக் கொடுப்பதில்லை. கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். போகிற வழியில் அந்த விவரம் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த கணினி மையம் நடத்துபவன் என்பதால் அந்த வழியைத் தினமும் பார்க்கிறேன்.

கைபேசியில் ஆதார் அட்டையைப் படம் எடுத்தால் அது மூன்று, நான்கு எம்.பி. வரும். விண்ணப்பப் பக்கமோ 200 கே.பி.க்கு மேல் ஏற்காது; சில இடங்களில் 50 கே.பி.தான். அளவு அதிகம் என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பிவிடும். அன்றுதான் கடைசி நாள். உடனே தேடலில் முதலில் வரும் 'இலவசமாகச் சுருக்கித் தரும்' தளத்தைத் திறந்து படத்தைப் போடுகிறார்கள். சில நொடிகளில் சின்னதாகி வந்துவிடுகிறது, விண்ணப்பமும் முடிந்துவிடுகிறது. இதற்கிடையே அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு சர்வரில் ஏறிவிட்டன என்பது யாருக்கும் உறைப்பதில்லை. விண்ணப்பத்தை வாங்கும் நிறுவனத்தின் பெயர் தெரியும், முகவரி தெரியும். இடையில் படத்தை வாங்கிக்கொண்டவர் யார்?

இத்தகைய தளங்கள் எல்லாமே மோசடி என்று சொல்லமாட்டேன். கோப்பைச் சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதி, அதன்படி நடக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அவற்றின் பெயரைப் போலவே பெயர் வைத்து, விளம்பரத்துக்குப் பணம் கட்டித் தேடலில் மேலே வந்து நிற்பவற்றை அவசரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே எச்சரித்தது. இலவசக் கோப்பு மாற்றிகளில் சில, கேட்ட வேலையைச் சரியாகச் செய்து கொடுத்துவிட்டு, திருப்பித் தரும் கோப்போடு தீநிரலை அனுப்புவதும், ஏற்றிய கோப்பிலிருந்து அடையாள எண், வங்கி விவரம், கடவுச்சொல் ஆகியவற்றை உருவிக்கொள்வதும் உண்டு என்றது. வேலை சரியாக முடிந்துவிடுவதால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

ஆதாரைவிட எனக்குக் கவலை தருவது வங்கிக் கணக்கு அறிக்கை. மகளின் கல்விக் கடனுக்காக அப்பாவின் ஆறு மாத அறிக்கை கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அதைப் பூட்டிய பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலில் அனுப்புகிறது. கடன் விண்ணப்பப் பக்கமோ பூட்டிய கோப்பை ஏற்காது. பூட்டைத் திறந்து தரும் தளம் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். கோப்பை அதில் போட்டதும் கடவுச்சொல் கேட்கிறது, அதையும் தட்டுகிறார்கள். சில வங்கிகளில் அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும்தான். இப்போது அந்தத் தளத்திடம் அறிக்கையும் இருக்கிறது, பிறந்த தேதியும் இருக்கிறது. இன்னும் சிலர் அறிக்கையைத் திரையிலேயே திறந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். வங்கி போட்ட பூட்டு அங்கேயே கழன்றுவிடுகிறது. படங்கள் கைபேசி கேலரியில் குழந்தையின் பிறந்தநாள் படங்களோடு கிடக்கின்றன. கேலரியைப் பார்க்க எந்தெந்தச் செயலிக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்பவர் அரிது.

அந்த ஆறு மாதப் பக்கங்களைத் திருடன் கண்ணால் படித்துப் பாருங்கள். சம்பளம் எந்தத் தேதியில் விழுகிறது, எந்த நிறுவனத்துக்குத் தவணை போகிறது, எந்த ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறார், எந்த மருத்துவமனைக்குப் போனார், யாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார், எல்லாம் வரிசையாக இருக்கும். பிறகு ஒருநாள் தொலைபேசி வருகிறது: "ஐந்தாம் தேதி உங்கள் தவணை போகவில்லை சார், தொகை இவ்வளவு, கணக்கின் கடைசி நான்கு எண் இது." சொல்லும் தொகையும் தேதியும் எண்ணும் அப்படியே பொருந்தும்போது எதிரில் இருப்பவர் வங்கிக்காரர் என்று நம்பாமல் என்ன செய்வார்? ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்று ஆயிரம் முறை கேட்டவர்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விவரம் எங்கிருந்து கசிந்தது என்று பின்னால் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய நடக்காத காரியம். ஒரே படம் எத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது என்பது அனுப்பியவருக்கே நினைவிருக்காது.

இதற்கு இணையதளமே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் கணினியில் ஆதார் படத்தை Paint நிரலில் திறந்து, Resize போய், அகலத்தை 1000 பிக்சலாகக் குறைத்து JPEG ஆகச் சேமித்தால் பெரும்பாலும் 200 கே.பி.க்குள் வந்துவிடும், எழுத்தும் படிக்கும்படி இருக்கும். படத்தை பி.டி.எஃப். ஆக்க, அச்சிடுவது போலப் போய் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பூட்டிய அறிக்கையை கணினியில் குரோமில் திறந்து, அங்கேயே கடவுச்சொல் கொடுத்து, அச்சிடும் இடத்தில் Save as PDF என்று சேமித்தால் பூட்டில்லாத நகல் கிடைத்துவிடும். கோப்பு கணினியை விட்டு நகரவே இல்லை. ஆனால் அது பொதுக் கணினியாக இருந்தால் Downloads அடைவிலும் குப்பைத் தொட்டியிலும் இருப்பதை அழித்துவிட்டுத்தான் எழ வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே செய்து காட்ட வேண்டும்.

எண்ணை மறைத்து அனுப்புகிறேன் என்று கைபேசியின் பேனாவால் கறுப்புக் கோடு இழுப்பவர்களும் உண்டு. அது வெளிச்சம் ஊடுருவும் ஹைலைட்டர் பேனாவாக இருந்தால், படத்தின் பிரகாசத்தைக் கூட்டியதும் எண் தெரிந்துவிடும். ஆதாருக்கு இந்த வித்தையே வேண்டாம். ஆணையத்தின் தளத்தில் பதிவிறக்கும்போது முகமூடியிட்ட ஆதாரைக் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் கிடைக்கும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இதைத்தான் பொதுமக்களுக்குச் சொன்னது. பிரவுசிங் சென்டர் கணினிகளில் ஆதாரைப் பதிவிறக்காதீர்கள், பதிவிறக்கினால் அழித்துவிடுங்கள் என்றும் சொன்னது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்கள் பிழைப்பைப் பற்றி வந்த அறிவிப்புதான். ஆனாலும் அதில் தவறாகப் புரிந்துகொள்ள என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 50 கே.பி. என்று வரம்பு வைப்பவர்களும், பூட்டிய கோப்பைத் திருப்பி அனுப்புபவர்களும்தான் அவர்களை அந்தத் தளங்களின் வாசலுக்குத் துரத்துகிறார்கள். பெரிய படத்தை வாங்கித் தாங்களே சுருக்கிக்கொள்வது ஒரு சர்வருக்குப் பெரிய வேலையல்ல. பூட்டிய அறிக்கையை ஏற்று, அதன் கடவுச்சொல்லைத் தங்கள் பக்கத்திலேயே கேட்டு வாங்கலாம். அதைவிட நல்ல வழியும் வந்துவிட்டது: ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கணக்கு ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் மூலம் 2021 முதல், கணக்கு வைத்திருப்பவர் சம்மதம் கொடுத்தால், அவர் ஒப்புக்கொண்ட மாதங்களின் விவரம் வங்கியிலிருந்து கடன் தருபவருக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. இடையில் உள்ள நிறுவனம் அதைப் படிக்க முடியாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். கல்விக் கடன் கேட்டு வரும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று வங்கிக் கிளைகள் எத்தனை முறை சொல்லியிருக்கின்றன? விண்ணப்பப் பக்கத்தில் கோப்பு ஏற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு பொத்தான் வைக்கச் சொல்லி உங்கள் நாளிதழ் வங்கிகளைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
மணப்பாறை.