இரண்டாவது சார்ட்டுக்குப் பிறகு காலியாகும் படுக்கை

ரயில்வே வாரியத்துக்கு,

வணக்கம். நான் மாதம் இரண்டு தடவை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஸ்லீப்பரில் போய்வருபவன். ஆர்.ஏ.சி. சீட்டில் பாதி இரவு உட்கார்ந்தே கழிப்பது பழகிப்போன ஆள்.

முதல் சார்ட் முன்பெல்லாம் வண்டி கிளம்ப நாலு மணி நேரத்துக்கு முன்புதான் வரும். 2025 ஜூலையில் அதை முன்னே நகர்த்தினீர்கள். வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றுபோனவருக்கு இப்போது பஸ் பிடிக்கவாவது நேரம் கிடைக்கிறது. அதற்கு நன்றி.

அந்த சார்ட்டில் மீதமிருக்கும் படுக்கைகள் கரண்ட் புக்கிங்குக்குப் போகின்றன. கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது வரும் இரண்டாவது சார்ட்தான் இறுதியானது. அந்த சார்ட் வரை எந்தப் படுக்கை காலி, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை காலி என்று உங்கள் இணையதளத்திலேயே யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் அதற்கு அப்புறம். கடைசி நேரத்தில் கன்ஃபர்ம் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. அதனால் பயணம் கைவிட்டவர் ரத்து செய்யும் சிரமத்தையே எடுப்பதில்லை, சும்மா வராமல் இருந்துவிடுகிறார். அந்தப் படுக்கை சார்ட்டில் நிரம்பியதாகத்தான் இருக்கும்.

போன மாதம் எஸ் 4-இல் 23-ஆம் எண் சைடு லோயரில் நானும் ஒரு பெரியவரும் ஆளுக்குப் பாதி. எதிரே 17 காலி. "தம்பி, அதுல யாரும் வரல போல, நான் கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்றார். தாம்பரத்தில் ஏறுவாரோ, செங்கல்பட்டில் ஏறுவாரோ, எனக்கு என்ன தெரியும்? செங்கல்பட்டு தாண்டி டி.டி.இ. வந்து, கைக்கருவியில் 'வரவில்லை' என்று பதிந்தார். படுக்கை வேறு பெட்டியில் இருந்த ஒருவருக்குப் போனது. ஆர்.ஏ.சி. வரிசையில் அவர்தான் எங்களுக்கு முன். முறைப்படி சரிதான். ஆனால் பெரியவருக்கு அது சரியாகப் படவில்லை, "காசு வாங்கிட்டாரு" என்றே இரவெல்லாம் முனகினார். வரிசை டி.டி.இ.யின் கையில் மட்டும் இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்!

ஆர்.ஏ.சி. தீர்ந்த பிறகும் படுக்கை மிஞ்சினால், அடுத்துச் சார்ட் போடும் நிலையத்தின் கணக்கில் அது சேரும் என்கிறது விதி. விழுப்புரத்திலோ திருச்சியிலோ வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்பவருக்கு அது கிடைக்க வேண்டுமானால், டி.டி.இ. அந்த ஊர் வருவதற்குள் பதிவை முடிக்க வேண்டும். ஐந்தாறு பெட்டிகளை ஒரே ஆள் பார்க்கும் வண்டியில் அது எப்போதும் நடப்பதில்லை.

நான் கேட்பது இரண்டு. கைக்கருவியில் 'வரவில்லை' என்று பதிந்தவுடன் அது உங்கள் இணையதளத்தில் காலிப் படுக்கைகளைக் காட்டும் அதே பக்கத்தில் தெரியட்டும். அந்தப் படுக்கை எந்த ஆர்.ஏ.சி. எண்ணுக்குப் போனது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். பெயர் வேண்டாம், எண் போதும்.

இப்படிக்கு,
எஸ் 4, 23-இல் பாதி