சிவப்புக் கட்டத்து இலக்கம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மீட்டர் படம் ஒன்று, மின்நிறுவனத்தின் செயலித் திரைகள் இரண்டு. முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ரீடிங் எடுத்த எனக்கு மீட்டர் படத்தில் சந்தேகமே இல்லை. செயலியின் ஜெர்மன் சொற்களுக்குத்தான் அகராதியோடு இரண்டு மாலை போயிற்று. உன் அம்மா, "பரீட்சைக்குப் படிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதலில் உன்னைப் பயமுறுத்திய அந்தச் சிவப்பு எச்சரிக்கை. உன் வீட்டில் இருப்பது தகடு சுற்றும் பழைய மீட்டர். அதில் ஏழு இலக்கங்கள் தெரிகின்றன. கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் சிவப்புக் கட்டம், அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி. ஆக அது காட்டுவது 018452,7. காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. நீ Zählerstand, அதாவது மீட்டர் ரீடிங், என்ற பெட்டியில் கடைசி ஏழையும் சேர்த்து 184527 என்று அடித்திருக்கிறாய். ஒரு புள்ளி இடம் மாறியதால் உன் வாசிப்பு பத்து மடங்காகிவிட்டது. தட்டச்சு செய்ய வேண்டியது 18452 மட்டும். முன்னால் உள்ள பூச்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. செயலி, "உங்கள் பயன்பாடு 166.915 kWh, சரிதானா?" என்று கேட்டிருக்கிறது. நீ அதை நூற்று அறுபத்தாறு புள்ளி சொச்சம் என்று படித்துவிட்டு, "இவ்வளவு குறைவாகக் காட்டிவிட்டு ஏன் எச்சரிக்கிறது?" என்று எனக்கு எழுதினாய். அம்மா, அந்த ஊரில் புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர்மாறு. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி போடுவார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். அது கேட்டது ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரத்துச் சொச்சம் யூனிட்! ஒரு சிறு தொழிற்சாலை ஓட்டினால்தான் அவ்வளவு ஆகும். அதனால்தான் அது ஏற்கவில்லை. விலைப் பக்கத்தையும் இதே கண்ணோடு படி. 36,00 ct என்றால் முப்பத்தாறு சென்ட்.

நீ பயந்து செயலியை மூடிவிட்டாய். ரீடிங் வராததால் அவர்களே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது திரையில் 19.245 என்று இருக்கிறதே, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் geschätzt என்ற சொல்லைக் கவனித்தாயா? கணித்துப் போட்டது என்று பொருள். யாரும் வந்து பார்த்த எண் அல்ல. ஒப்பந்தம் போடும்போது உனக்கு வருடம் 2,800 யூனிட் ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஏழு மாதப் பங்கு 1,633. குடிபுகுந்த அன்று சாவி வாங்கும்போது எழுதிய ரீடிங் 17,612. இரண்டையும் கூட்டினால் 19,245 வந்துவிடுகிறது. உன் உண்மைச் செலவோ 18,452-இல் 17,612 போக 840 யூனிட்தான். ஒற்றை ஆளுக்கு அது நியாயமான கணக்கு.

சரியான எண்ணை மறுபடி அனுப்பு. Ablesedatum என்ற இடத்தில் நீ செயலியைத் திறந்த தேதியைப் போடாதே, மீட்டரைப் பார்த்த தேதியைப் போடு. நடுவில் யூனிட் விலை மாறினால், மாறிய நாள் வரைக்கும் பழைய விலை, அதன் பிறகு புதிய விலை. அந்த நாளுக்கு ரீடிங் இல்லையென்றால் அதையும் அவர்களே கணித்துப் பிரிப்பார்கள். விலை உயரப்போவதாகக் கடிதம் வந்தால், விலை மாறும் நாளன்று கீழ்த்தளத்துக்கு இறங்கி மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்.

கீழ்த்தளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு மீட்டர்கள் வரிசையாக இருக்கும். நீ எடுத்த படத்தில் மீட்டர் எண் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. செயலியில் உள்ள Zählernummer-உடன் அதை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார். எண் பொருந்திய பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், வீட்டில் எல்லா ஃபியூஸையும் இறக்கிவிட்டு வந்து தகட்டைப் பார். அதுவரை சுற்றிக்கொண்டிருந்தது இப்போது நின்றிருந்தால் அது உன்னுடையது. இன்னமும் சுற்றினால் அடுத்த வீட்டுக்காரருக்கு நீ பணம் கட்டிக்கொண்டிருக்கிறாய். என் வேலைக் காலத்தில் இப்படி இரண்டு வீடுகள் பல மாதம் மாறிமாறிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். இருவருமே வாரியத்தைத்தான் திட்டினார்கள்.

இனி விலை வரிகள். நீ எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டியிருக்கிறாய். அதில்தான் பிசகு. உன்னிடம் வாங்கப்படுவது இரண்டே இரண்டு. Arbeitspreis என்பது ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை. Grundpreis என்பது நீ விளக்கே போடாவிட்டாலும் வரும் நிலைக் கட்டணம். இங்கே நம் ஊரில் யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும். உன் ஒப்பந்தத்தில் முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலை. 30,25 என்றும் 36,00 என்றும் இரண்டு எண்கள் இருப்பது இரண்டு விலைகள் அல்ல. முதலாவது netto, வரி சேராதது. அதோடு பத்தொன்பது விழுக்காடு வரி சேர்ந்தால் brutto, அதாவது 36,00. நீ கட்டுவது அதை மட்டுமே. கீழே Stromsteuer 2,05 என்றும் வலையமைப்புக் கட்டணம் என்றும் நீளும் பட்டியல், அந்த 30,25 எதெதற்குப் போகிறது என்ற விவரம். மேலே கூட்டவேண்டிய தொகை அல்ல. அதேபோல் Grundpreis ஓரிடத்தில் 12 யூரோ, இன்னோரிடத்தில் 144 யூரோ. ஒன்று மாதத்துக்கு, மற்றது வருடத்துக்கு.

இப்போது கணக்குப் பார். 840 யூனிட்டை 36 சென்ட்டால் பெருக்கினால் 302 யூரோ 40 சென்ட். ஏழு மாத நிலைக் கட்டணம் 84 யூரோ. மொத்தம் 386 யூரோ 40 சென்ட். மாதாமாதம் 96 யூரோ வீதம் உன் வங்கிக் கணக்கிலிருந்து போயிருப்பது 672 யூரோ. அந்த 96-க்குப் பெயர் Abschlag. அது பில் அல்ல, 2,800 யூனிட் என்ற ஊகத்தை வைத்து வாங்கும் முன்பணத் தவணை. ஆண்டு முடிவுக் கணக்கில்தான் உண்மை தெரியும். அதிகம் கட்டியிருந்தால் Guthaben, குறைத்துக் கட்டியிருந்தால் Nachzahlung. இன்றைய நிலையில் 285 யூரோ 60 சென்ட் அவர்களிடம் உன் பணமாக இருக்கிறது. நீயோ கடன் பட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய்!

தவணையைக் குறைக்கச் செயலியிலேயே இடம் இருக்கும். இதே வேகத்தில் போனால் மாதம் 55 யூரோ 20 சென்ட் போதும். ஆனால் இந்த ஏழு மாதமும் வெயில் காலம். இனி மாலை நாலரைக்கே விளக்குப் போடுவாய், கால் சில்லிட்டால் அந்தச் சின்ன ஹீட்டரையும் வைப்பாய். அதனால் 65-க்குக் கீழே இறக்காதே.

ரீடிங்கை அனுப்பியதும் உறுதிசெய்து வரும் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மீட்டர் எண் முழுவதும் தெரிகிற புதுப் படமும் ஒன்று வேண்டும். கையை ஆட்டாமல் எடு.

அன்புடன்,
அப்பா