ஐசியு குழுவுக்கு: விடைபெறுகிறேன்

அக்காக்கள், தம்பி, தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எம்.எஸ்சி. நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது, இரண்டு வருடப் படிப்பு. ராஜினாமா கடிதத்தை மேட்ரனிடம் கொடுத்துவிட்டேன். 30ஆம் தேதி நைட் டியூட்டிதான் கடைசி.

சேர்ந்த புதிதில் நீர்ச்சத்து வற்றிப்போன ஒரு பாட்டிக்கு ஐவி போட வந்தேன். நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்திவிட்டு, கை நடுங்க நின்றேன். சீனியர் அக்கா திட்டவில்லை. வெதுவெதுப்பான துணியைப் பாட்டியின் கையில் சுற்றி, கையைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, "ரெண்டு நிமிஷம் பொறும்மா" என்றார். நரம்பு எழும்பி வந்தது. இன்றும் அப்படித்தான் செய்கிறேன். அக்கா, அந்த இரண்டு நிமிடத்தை மறக்கவே மாட்டேன்.

அப்புறம், கிராஷ் கார்ட் பொறுப்பு இனி தங்கையிடம். அதில் மூன்று அட்ரினலின் ஆம்பூல் அடுத்த மாதம் காலாவதி. மாற்றச் சொல்லி நோட்டில் எழுதியிருக்கிறேன். லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் போட்டுப் பாருங்கள். அவசரத்தில்தான் அது கைவிடும்.

குழுவிலிருந்து 30க்குப் பிறகு விலகுகிறேன். என் எண் மாறாது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.